பத்தாம் தேதிக்குப் பிறகு

நான் போட்டுக்கொடுத்த ஃப்ளோவில் தப்பு இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. குறைந்ததற்குக் காரணம் என் வயசு இல்லை, திருமழிசையிலிருந்து வேலைக்கு வரும் ஒரு பெண்.

சென்னையில் பாடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் பதினோரு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான். அந்தப் பிரிவை மூடியபோது வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், வீடியோ பார்த்துப் பார்த்து, கடைகளின் அன்றாட வேலைகளைக் கம்ப்யூட்டரில் தானாக நடக்கவைக்கும் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். புரோகிராம் எழுதத் தெரியாது. தெரியவும் வேண்டாம். திரையில் சின்னச் சின்னதாகச் சில பெட்டிகள் இருக்கும். ஒன்றை இழுத்து இன்னொன்றோடு கோக்க வேண்டும். அப்படிக் கோத்த வரிசைக்குத்தான் ஃப்ளோ என்று பெயர். முதல் பெட்டி குறித்த நேரத்தில் விழித்துப் பார்க்கும், அடுத்தது எடுக்கும், அதற்கடுத்தது எழுதும். அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்து காட்டும்போது கடைக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். பதினோரு வருஷம் ஸ்டோர்ஸில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வைக்காகவே நான் இரண்டு மூன்று ஃப்ளோக்களை அதிகமாகப் போட்டுக்கொடுத்திருப்பேன்.

அம்பத்தூரில் பெண்களுக்கு மட்டும் ஸ்கூட்டர் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்று. நடத்துபவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா. தானே முப்பத்தைந்து வயசுக்கு மேல்தான் வண்டி கற்றுக்கொண்டவர். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத பெண்களை இருபது நாளில் மேம்பாலம் ஏற்றிவிடுவார். பேச்சில் கடுகு வெடிக்கும், மனசு தங்கம். எல்லோரும் ஓனரம்மா என்றுதான் சொல்வார்கள், நான் அக்கா என்பேன்.

அவருடைய இணையதளத்தில் ஒரு படிவம் உண்டு. வண்டி கற்க விரும்பும் பெண்கள் பெயர், போன் நம்பர், எந்த ஏரியா, சைக்கிள் தெரியுமா என்று நிரப்பி அனுப்புவார்கள். அவை ஒரு ஷீட்டில் போய் விழும். அந்த ஷீட் கசகசவென்று இருக்கும். ஒரே ஆள் மூன்று தடவை அனுப்பியிருப்பார், பாதிப் பேர் பெயரை விட்டிருப்பார்கள். ஆகவே அதிலிருந்து எடுத்து, சுத்தமான வாடிக்கையாளர் பட்டியல் ஒன்றில் சேர்க்க வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்த்து ஒருத்தர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசி வகுப்பில் சேர்க்க வேண்டும்.

அப்படிக் கூப்பிடும் வேலையில் இருந்தவள்தான் அந்தத் திருமழிசைப் பெண். முப்பது வயசிருக்கும். குரல் அவ்வளவு நிதானம். "பயமா இருக்குங்க" என்று போனில் சொல்லும் பெண்ணிடம், "பயம் இருக்கிறவங்கதாங்க நல்லா ஓட்டுவாங்க, பிரேக்கை மறக்க மாட்டாங்க" என்பாள். அதைக் கேட்டே பாதிப் பேர் சேர்ந்திருப்பார்கள். ஒரு நீள நோட்டு வைத்திருப்பாள். பட்டியலில் எல்லாம் இருக்கும்போது நோட்டு எதற்கு என்று நான் கிண்டல் செய்தால், "கையால எழுதினாத்தான்க்கா எனக்கு மூஞ்சி ஞாபகம் வருது" என்பாள். பார்க்காத மூஞ்சி எப்படி ஞாபகம் வரும் என்று கேட்டால் சிரிப்பாள்.

நான் போட்ட ஃப்ளோ முதலில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓடியது. படிவத்தின் ஷீட்டைத் திறந்து, கடந்த ஒரு மணி நேரத்தில் புதிதாக வந்தவற்றை மட்டும் எடுக்கும். ஒவ்வொன்றுக்கும் அந்தப் போன் நம்பர் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடும். இல்லையென்றால் சேர்க்கும். சேர்த்ததும், புதுப் பேர் வந்திருக்கிறது என்று அந்தத் திருமழிசைப் பெண்ணின் போனுக்கு ஒரு செய்தி அனுப்பும். ஆறேழு மாசம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியது. நானும் மறந்துவிட்டேன்.

ஜூலை பிறந்த அன்று ஓனரம்மா போன் செய்தார்.

"இன்னாமா, ஒரு மணி நேரம் கழிச்சி பேர் வந்தா எப்டி? அதுக்குள்ள அந்தப் பொண்ணு வேற எங்கனா சேர்ந்துகினு போய்டுது. சுடச்சுட கூப்டணும். கொஞ்சம் வேகமா பண்ணிக் குடு."

திருமழிசையில் புதிதாக ஒரு ஸ்கூட்டர் பள்ளி தொடங்கியிருந்தார்கள். அந்தக் கவலை அவருக்கு. நான் அன்றைக்கே மாற்றினேன். ஒரு மணி என்பதைப் பதினைந்து நிமிஷம் ஆக்கினேன். பின்னோக்கிப் பார்க்கும் நேரத்தையும் அதற்குத் தகுந்தாற்போல் குறைத்தேன். இரண்டு இடத்தில் எண்ணை மாற்றி, சேமி என்ற பொத்தானை அழுத்தினேன். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஓனரம்மா, "நீதாம்மா டாப்பு" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த மாசம் பாதியில் திருமழிசைப் பெண் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரு வாரமா பேரே வரலைக்கா. கொஞ்சம் பாக்குறீங்களா?"

"ஆடி பொறக்குது இல்ல? ஆடியில யாரும் புதுசா எதையும் ஆரம்பிக்க மாட்டாங்க. ஆவணில பாரு, கொட்டும்," என்றேன். பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஆடி மாசத்தின் மேல் பழியைப் போடுவது நம் ஊரில் ரொம்ப சுலபம். துணிக்கடைக்காரர்களைத் தவிர எல்லோரும் அதைத்தான் செய்கிறோம்.

ஆகஸ்ட் முதல் பத்து நாள் பெயர்கள் வந்தன. பிறகு மறுபடியும் இல்லை. அவள் மறுபடியும் சொன்னாள். "ஆடி முடியட்டும்" என்றேன். ஆடி முடிந்தது. நான் வேறு கடைகளின் வேலையில் இருந்தேன், அவளும் மூன்றாவது தடவை சொல்லவில்லை. இரண்டு தடவை சொல்லி இரண்டு தடவையும் சிரித்துக்கொண்டே தட்டிக்கழிக்கப்பட்டவள் மூன்றாவது தடவை ஏன் சொல்லப்போகிறாள்?

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை ஓனரம்மா என்னை உடனே வரச் சொன்னார். போனில் காரணம் சொல்லவில்லை. போய்ப் பார்த்தால் மாடி அறையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அந்தப் பெண் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டிருக்கிறாள். வழக்கமாக அவள் உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது.

"வா மா. இங்க குந்து," என்றார் ஓனரம்மா. "ஒண்ணு கேக்குறேன், நேரா சொல்லு. நீ போட்டுக் குடுத்தது இருக்குதே, அதுல ஃபார்ம் போட்டவங்க பேரு லிஸ்ட்டுக்கு வராம போவுமா?"

"போகாதுக்கா," என்றேன்.

"கெட்டியா சொல்றியா?"

"ஏன்க்கா, என்ன ஆச்சு?"

அவர் சொன்னார். இரண்டு மாசமாகச் சில பெண்கள் மைதானத்துக்கே நேரில் வந்து, 'ஃபார்ம் போட்டேன், யாரும் கூப்பிடவே இல்லை' என்று குறைப்பட்டிருக்கிறார்கள். ஒருத்தி காத்திருந்து பார்த்துவிட்டுத் திருமழிசைப் பள்ளியில் சேர்ந்துவிட்டாளாம். திருமழிசை என்ற ஊர்ப் பெயர் ஓனரம்மாவின் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது. இந்தப் பெண்ணின் வீடும் அங்கேதானே. நம்பர்களை அங்கே கொடுத்துவிட்டு இங்கே பட்டியலிலிருந்து அழித்துவிடுகிறாளோ என்று சந்தேகம். இந்தத் தொழிலில் அது நடக்காத விஷயமும் இல்லை.

"சும்மா சொல்லல நானு. என் அக்கா பொண்ண உட்டு திங்கக்கெழம காலைல ஃபார்ம் போட சொன்னேன். இன்னிக்கு வியாழன். ஒரு போன் இல்ல. லிஸ்ட்ல பேராவது கீதான்னு பாத்தேன். அதுவும் இல்ல. எங்க போச்சு அந்தப் பேரு?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "நான் எதையும் அழிக்கலைக்கா. எனக்கு அந்தப் பேர் வரவே இல்லை."

நான் என் போனை எடுத்தேன். ஃப்ளோவின் பக்கத்தைத் திறந்தேன். சுவிட்ச் 'ஆன்' என்று இருந்தது. அதன் கீழே, எப்போதெல்லாம் ஓடியது என்ற பட்டியல். வரிசையாகப் பச்சை டிக். ஒரு சிவப்பு இல்லை. போனை ஓனரம்மாவின் பக்கம் திருப்பினேன்.

"எல்லாம் சரியாத்தான் ஓடியிருக்குக்கா. ஃப்ளோ பேரை விடாது. லிஸ்ட்ல இல்லைன்னா, யாராவது எடுத்திருந்தாத்தான் உண்டு."

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். யாரும் என் வாயிலிருந்து பிடுங்கவில்லை. என் ஃப்ளோவின் மேல் பழி வந்துவிடக் கூடாது என்ற அவசரத்தில் சொன்னேன். அவளுடைய முகத்தில் ஈயாடவில்லை.

"சாவிய வெச்சிட்டு போம்மா," என்றார் ஓனரம்மா. குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவர் நிஜமாகவே கோபமாக இருக்கிறார் என்பதற்கு அடையாளம்.

 அவள் பையிலிருந்து ஆபீஸ் சாவியை எடுத்து மேஜையில் வைத்தாள். படியருகில் நின்று என்னிடம், "பத்தாம் தேதிக்கு அப்பால ஒரு பேராவது வந்திருக்கான்னு மட்டும் பாருங்கக்கா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அவள் நோட்டை மேஜையிலேயே விட்டுவிட்டிருந்தாள். ஓனரம்மா மைதானத்துக்குக் கிளம்பினார். நான் மட்டும் அறையில் இருந்தேன். ஏதோ உறுத்தியது. அந்த உறுத்தலுக்கு நான் இன்னும் கொஞ்சம் முன்னால் காது கொடுத்திருக்கலாம்.

நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு தேதிக்கும் அரைப் பக்கம். வந்த பெயர், கூப்பிட்ட நேரம், பக்கத்தில் சின்னச் சின்னக் குறிப்பு. 'மாமியாருக்குத் தெரியாமல் கற்கணும்.' 'காலில் பிளேட் வைத்திருக்கு, டாக்டரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.' 'ஆவடி, குழந்தை ஸ்கூலுக்குப் போனபின் மட்டும் பேசணும்.' ஜூலை பத்தாம் தேதி வரை இப்படி. பதினொன்றிலிருந்து 'பேர் இல்லை.' 'பேர் இல்லை.' 'பேர் இல்லை. பழைய ஆட்களைக் கூப்பிட்டேன்.' ஆகஸ்டிலும் அப்படியே. செப்டம்பரிலும் அப்படியே. மூன்று மாசமும் பத்தாம் தேதி.

திருடுகிறவள் இவ்வளவு ஒழுங்காகப் பத்தாம் தேதிக்குக் காத்திருப்பாளா? இப்படித் தேதி பார்த்து நிற்பது கணக்கு வைத்துக்கொண்டு வேலை செய்யும் ஏதோ ஒன்றின் வேலை. ஸ்டோர்ஸில் பதினோரு வருஷம் இருந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?

மறுபடியும் போனை எடுத்தேன். அதே பக்கம், அதே பச்சை. இந்தத் தடவை டிக்கின் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்த தேதியைப் படித்தேன். கடைசியாக ஓடியது செப்டம்பர் பத்து, மதியம். அன்று தேதி பதினெட்டு. ஓடியதெல்லாம் சரியாகத்தான் ஓடியிருந்தது. எட்டு நாளாக ஓடவே இல்லை. ஓடாததற்கு அங்கே எந்த நிறமும் கிடையாது. நான் ஓனரம்மாவுக்குக் காட்டியபோது பச்சையைப் பார்த்தேன், தேதியைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று புரிந்தது. கணக்கு என்ற வேறொரு பக்கம், நான் தொடங்கிய நாளுக்குப் பிறகு எட்டிக்கூடப் பார்க்காத பக்கம். அங்கே ஒரு பட்டை முழுக்க நிறைந்திருந்தது. ஆயிரத்துக்கு ஆயிரம்.

நான் போட்டிருந்தது இலவசத் திட்டம். மாசத்துக்கு ஆயிரம் டாஸ்க். டாஸ்க் என்றால் ஒரு பெயரை எடுத்துச் சேர்ப்பது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாசத்துக்குத் தொண்ணூறு பெயர் வந்தால் அதிகம், ஆயிரம் எங்கே தீரப்போகிறது என்ற தைரியம். ஆனால் அந்த மென்பொருள் எண்ணும் விதம் வேறு. ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு தடவை வேலை செய்வதும் ஒரு டாஸ்க். ஒரு பெயருக்குத் தேட ஒன்று, சேர்க்க ஒன்று, செய்தி அனுப்ப ஒன்று. அதுகூடப் பரவாயில்லை. முதல் பெட்டி விழித்துப் பார்த்து, புதிதாக யாரும் இல்லை என்று மறுபடி தூங்கப் போவதும் ஒரு டாஸ்க். வெறுங்கையோடு திரும்பி வந்தாலும் எண்ணிவிடும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். மணிக்கு ஒரு தடவை பார்த்தால் நாளைக்கு இருபத்து நான்கு. மாசத்துக்கு எழுநூற்றுச் சொச்சம். பெயர்களுக்கு ஆகும் மூன்று மூன்றையும் சேர்த்தால் ஆயிரத்தை உரசிக்கொண்டு நிற்கும், தாண்டாது. அந்த ஆறேழு மாசமும் என் அதிர்ஷ்டத்தில்தான் ஓடியிருக்கிறது. பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை என்று நான் மாற்றியதும் நாளைக்குத் தொண்ணூற்றாறு. அன்றைய பெயர்களையும் சேர்த்தால் நூறைத் தாண்டும். பத்தாம் நாள் ஆயிரம் தீர்ந்துவிடும். பிறகு மாசம் பிறந்து எண்ணிக்கை பூஜ்யமாகும்வரை அது படுத்திருக்கும். ஒன்றாம் தேதி எழுந்து தானே ஓடத் தொடங்கும். எழுந்ததும் என்ன செய்யும்? கடந்த பதினைந்து நிமிஷத்தை மட்டும் பார்க்கும். நான் அப்படித்தானே சொல்லிவைத்திருக்கிறேன். படுத்திருந்த இருபது நாளில் வந்தவர்களை அது திரும்பிப் பார்க்கவே பார்க்காது.

சீக்கிரம் கூப்பிடவேண்டும் என்று அவசரப்பட்டோம். அந்த அவசரத்தாலேயே மூன்றில் இரண்டு பங்குப் பெண்களைக் கூப்பிடாமல் விட்டோம்.

படிவத்தின் மூல ஷீட்டைத் திறந்தேன். எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஓனரம்மாவின் அக்கா பெண்ணும் இருந்தாள், திங்கட்கிழமை காலை. ஒரு பெயர்கூடத் தொலையவில்லை. அந்த ஷீட்டைப் பார்க்கும் அனுமதி எனக்கும் ஓனரம்மாவுக்கும் மட்டும்தான். கூப்பிடுகிறவளுக்குச் சுத்தமான பட்டியல் போதும் என்று நான்தான் அவளுக்குக் கொடுக்கவில்லை. காலையில் அவள் எதிரே நின்றபோது இதை ஒரு தடவை திறந்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

டாஸ்க் தீரப்போகிறது என்று மென்பொருள்காரர்கள் எச்சரிக்கை அனுப்பமாட்டார்களா என்று கேட்பீர்கள். அனுப்பியிருந்தார்கள். எண்பது சதவீதம் ஆனபோது ஒன்று, முழுக்கத் தீர்ந்தபோது ஒன்று, மூன்று மாசத்துக்கு ஆறு மெயில். நான் ஒவ்வொரு கடைக்கும் தனியாக ஒரு மெயில் முகவரி உண்டாக்கி அதில்தான் கணக்குத் தொடங்குவேன். வேலை சுத்தமாக இருக்கவேண்டும் என்ற என் கொள்கை. பாஸ்வேர்டை அட்டையில் எழுதி, மானிட்டருக்குப் பின்னால் ஒட்டிவிட்டுப் போவேன். அந்த மெயிலை ஓனரம்மா திறக்கமாட்டார், நானும் திறக்கமாட்டேன். இப்போது திறந்தால், ஆறு மெயிலும் படிக்கப்படாமல் தடித்த கருப்பு எழுத்தில் நின்றன. வெட்கமாக இருந்தது. சும்மா சொல்லவில்லை, காது சுட்டது.

அவளைக் கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. ஓனரம்மா மதியம் வெயிலில் கறுத்துப்போய் மைதானத்திலிருந்து திரும்பியபோது சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, தப்பு என்னுது. அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்ல."

நோட்டையும் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். டாஸ்க் கணக்கைச் சொன்னேன். அவர் பாதி புரிந்துகொண்டார், மீதியைக் கேட்க விரும்பவில்லை.

"அப்ப காலைல கெட்டியா சொன்னியே?"

"சொன்னேன்."

"பாத்துட்டா சொன்ன?"

"இல்லக்கா."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.  அவர் நோட்டை எடுத்து மெதுவாகப் புரட்டினார். 'பேர் இல்லை' என்ற இடங்களில் விரலை வைத்துக்கொண்டே போனார். "பேர் இல்லாத நாள்லயும் ஒக்காந்து எழுதிகினு இருந்துகிறா பாரு," என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளிக்கு காலைல வா. அவ ஊட்டுக்கு போலாம்," என்றார்.

மறுநாள் அவர் ஸ்கூட்டரில் நான் பின்னால் உட்கார்ந்து போனேன். பூந்தமல்லி தாண்டி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவில் அவர் ஓட்டுவதைப் பார்த்தால் பயம் வராது, பொறாமைதான் வரும். திருமழிசையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். வாசலில் அவளுடைய மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வேலைக்குப் போயிட்டாளேம்மா. எப்பவும் போல எட்டு மணிக்கே பையை எடுத்துகினு போச்சே," என்றார்.

ஓனரம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வீட்டில் சொல்லவில்லை அவள். சொன்னால் ஏன் அனுப்பினார்கள் என்று கேட்பார்கள், நம்பர் திருடினேன் என்று சொன்னார்கள் என்று எப்படிச் சொல்வாள்? சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு எங்கோ போயிருக்கிறாள்.

ஓனரம்மாதான் சமாளித்தார். "ஆமாம்மா, இன்னிக்கு வெளி வேலைக்கு நாந்தான் அனுப்பிகிறேன். இந்தப் பக்கம் வந்தோம், அப்டியே ஊட்ட பாத்துட்டு போலாம்னு. நல்ல பொண்ணும்மா, ரொம்ப நல்ல பொண்ணு."

தெருமுனைக்கு வந்ததும் நான் அவளுக்குச் செய்தி அனுப்பினேன். போனை எப்போதாவது திறப்பாள் இல்லையா. 'தப்பு என்னுடையது. உங்களுக்குப் பேர் வரவே இல்லை என்பது உண்மை. பத்தாம் தேதியோடு நின்றிருக்கிறது. எங்கே இருக்கிறீர்கள்?' என்று எழுதினேன். அதுவரை நீ, வா என்றுதான் அவளிடம் பேசியிருக்கிறேன். எழுதும்போது தானாகவே மரியாதை வந்துவிட்டது. பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு.

சிமெண்ட் பெஞ்சின் ஓரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு வீடு திரும்பும்வரை அங்கேயே இருக்கலாம் என்று வந்திருக்கிறாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஓனரம்மாவின் முன்னால் எழுந்து நிற்பது அவளுக்குப் பழக்கம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். எப்படி எண்ணுகிறது, எங்கே நின்றது, நான் எதைப் பார்க்கவில்லை, மெயில் எங்கே போனது. பொறுமையாகக் கேட்டாள். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் சொன்னபோது தரையைப் பார்த்தாள்.

"மிஷின் நிக்கிறது பரவால்லக்கா. எனக்கு அதெல்லாம் தெரியாது," என்றாள். "நான் ரெண்டு தடவை உங்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். ரெண்டு தடவையும் நீங்க பாக்காமலே பதில் சொன்னீங்க. நேத்தும் பாக்காமலே சொன்னீங்க. அதுதான்க்கா எனக்கு கஷ்டமா இருந்துச்சு."

 

ஓனரம்மா தன் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். "நானும் கேக்காமலே முடிவு பண்ணிட்டேன். அதுக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல. வண்டில ஏறு," என்றார். சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் ஏறினாள். நானும் ஏறப்போனேன். "நீ எங்க வர? மூணு பேர ஏத்தமாட்டேன், நான் ஸ்கூல் நடத்துறவ. பஸ்ல வா," என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் போய்விட்டார்கள். பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் வரை நின்றுகொண்டே வந்தேன். எனக்கு அது வேண்டியதுதான்.

அன்று மதியமே மூல ஷீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கூப்பிடாமல் விட்டவர்கள் நூற்று நாற்பத்தேழு பேர். பாதி எனக்கு, பாதி அவளுக்கு. நான் முதல் ஆளைக் கூப்பிட்டு, "தொழில்நுட்பக் கோளாறு காரணமா" என்று ஆரம்பித்தேன். அவள் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னாள். "நாங்க கூப்பிடாம விட்டுட்டோம்னு சொல்லுங்கக்கா, போதும்." அப்படியே சொன்னேன். சிலர் ஏற்கெனவே வேறு இடத்தில் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, தனக்கு எழுபது கிலோ எடை, அதனால்தான் கூப்பிடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டதாகச் சொன்னாள். இன்னொருத்தி, சைக்கிள் தெரியாது என்று படிவத்தில் போட்டதை நினைத்து இரண்டு மாசம் வருத்தப்பட்டிருக்கிறாள். மௌனத்துக்கு ஒவ்வொருத்தரும் தங்களிடமே ஒரு காரணம் தேடியிருந்தார்கள். மூன்று நாள் ஆயிற்று கூப்பிட்டு முடிக்க. நாற்பது பேருக்கு மேல் சேர்ந்தார்கள், பெரும்பாலும் அவள் பேசியவர்கள்.

ஃப்ளோவை மாற்றிவிட்டேன். இப்போது அது நேரம் பார்த்து விழிப்பதில்லை. யாராவது படிவத்தை அனுப்பினால் படிவமே அதைத் தட்டி எழுப்பும், ஆகவே வீண் நடை கிடையாது. தவிர நாளைக்கு ஒரு தடவை ஷீட்டில் இருக்கும் நம்பர்களையும் பட்டியலில் இருப்பவற்றையும் ஒப்பிட்டு, விட்டுப்போனவர்கள் இருந்தால் சொல்லும். எச்சரிக்கை மெயில் நேராக அவள் போனுக்கே போகிறது. மூல ஷீட்டைப் பார்க்கும் அனுமதியும் கொடுத்துவிட்டேன். டாஸ்க் இப்போது மாசத்துக்கு நானூறைத் தாண்டினால் பெரிய விஷயம்.

ஆனாலும் ஒவ்வொரு மாசமும் பதினொன்றாம் தேதி காலை அவளிடமிருந்து எனக்குப் போன் வரும். "அக்கா, இன்னிக்கும் பேர் வந்துகினு இருக்கு. சரியாத்தான் ஓடுதா?" என்று கேட்பாள். ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். "ஒரு நிமிஷம் இரு," என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறக்கிறேன். கடைசியாக ஓடிய தேதியைப் படிக்கிறேன். கணக்குப் பக்கத்துக்குப் போய்ப் பட்டையைப் பார்க்கிறேன். அவள் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். பார்த்த பிறகுதான் பதில் சொல்கிறேன்.